மூன்று வீடு, மூன்று விலைத் தாள்: சொன்ன விலைக்கும் கையிலிருந்து போகும் பணத்துக்கும் நடுவில்

தீபாவளி முடிந்த வாரம் தங்கச்சியும் மாப்பிள்ளையும் மூன்று விலைத் தாள்களோடு வீட்டுக்கு வந்தார்கள். கல்யாணமாகி ஆறு வருடமாகக் கோயமுத்தூர் கணபதியில் 12,000 ரூபாய் வாடகையில் இருக்கிறார்கள். சேமிப்பு, சீட்டு எடுத்த பணம், விற்கலாம் என்று ஒதுக்கி வைத்த கொஞ்சம் நகை எல்லாம் சேர்த்து 16 லட்சம் கையில் இருந்தது. மீதிக்கு வங்கிக் கடன். "மச்சான், இந்த மூணுல எதுங்க நமக்குக் கட்டுப்படியாகும்?" என்று மாப்பிள்ளை கேட்டார். நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பதால் இந்த மாதிரிக் கணக்கு என்னிடம்தான் வரும்.

மூன்றுமே இரண்டு படுக்கையறை, 900 சதுர அடி. ஒன்று சரவணம்பட்டிப் பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடி, இரண்டு வருடத்தில் முடியும் என்கிறார்கள், விலை 42 லட்சத்து 75 ஆயிரம். இரண்டாவது வடவள்ளியில் கட்டி முடித்து விற்காமல் இருக்கும் புது வீடு, 48 லட்சத்து 50 ஆயிரம். மூன்றாவது சிங்காநல்லூரில் ஒன்பது வருடம் ஆன வீடு, உரிமையாளர் விற்கிறார், 41 லட்சம்.

அம்மா நடுவில் வந்து, "எதுக்குச் சாமி மாடி வீடு? அன்னூர்ப் பக்கம் ஒரு அஞ்சு சென்ட் சைட்டைப் புடிச்சுப் போடுங்க, அப்புறம் கட்டிக்கலாம்" என்றார். நம் ஊரில் அப்படிச் சொல்லாத அம்மா கிடையாது. அதில் நியாயமும் இருக்கிறது. சைட் வாங்கினால் நிலத்தின் மதிப்புக்கு மட்டும்தான் பத்திரச் செலவு, அதன் மேல் நாம் கட்டும் வீட்டுக்கு இல்லை. ஆனால் வரைபட அனுமதி, போர்வெல், காம்பவுண்ட், ஈபி இணைப்பு என்று அது வேறு ஒரு நீளமான கணக்கு. இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், கூட நின்று கட்ட ஆள் இல்லை. அதனால் அதை ஓரமாக வைத்துவிட்டு மூன்று தாளையும் விரித்தோம்.

விலையைப் பார்த்தால் சிங்காநல்லூர் மலிவு, வடவள்ளி எட்டாத தூரம். மாப்பிள்ளையும் அப்படித்தான் நினைத்திருந்தார். வடவள்ளித் தாளைச் சும்மா ஒப்பிட்டுப் பார்க்கக் கொண்டுவந்தேன் என்றார். ஆனால் ஒரு வீட்டுக்கு உண்மையில் மூன்று விலை இருக்கிறது. ஒன்று தாளில் போட்டிருப்பது. இரண்டாவது சாவி கைக்கு வரும்போது மொத்தமாகச் செலவாகியிருப்பது. மூன்றாவது அந்த மொத்தத்தில் வங்கி தராமல் நம் கையிலிருந்து போகிற ரொக்கம். முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு மூச்சு முட்டுவது இந்த மூன்றாவதில்தான்.

பத்திரச் செலவிலிருந்து தொடங்கினோம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம், ஆக 9 சதவீதம். பதிவுக் கட்டணம் முன்பு 4 சதவீதமாக இருந்தது. 2023 ஏப்ரலில் அதை 2 ஆகக் குறைத்தார்கள், அதே கையோடு சொத்துக்கு அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை உயர்த்தினார்கள். நாம் கொடுக்கும் விலை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மேல்தான் இந்த 9 சதவீதம்.

ஆனால் புது அடுக்குமாடி வீட்டைக் கட்டியவரிடமிருந்து முதன்முதலாக வாங்கும்போது கணக்கு வேறு. 2023 டிசம்பர் 1 முதல் நிலத்தில் நமக்கு வரும் பிரிபடாத பங்கையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே மதிப்பாகப் பதிகிறார்கள். அதற்குச் சலுகையும் கொடுத்திருக்கிறார்கள். 50 லட்சம் வரை 4 சதவீதத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் சேர்த்து 6 சதவீதம். அதற்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம். அதையும் தாண்டினால் பழையபடி 9. இந்தச் சலுகை முதல் விற்பனைக்கு மட்டும். அப்படி வாங்கியவர் அதே வீட்டைப் பின்னால் இன்னொருவருக்கு விற்றால் வாங்குகிறவர் 9 சதவீதம் கட்ட வேண்டும்.

சிங்காநல்லூர் வீட்டின் மலிவு இங்கேயே கரையத் தொடங்கிவிட்டது. 41 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் 3,69,000. வடவள்ளி 48.5 லட்சத்துக்கு 6 சதவீதம் 2,91,000. ஏழரை லட்சம் விலை கூடுதலான வீட்டுக்குப் பத்திரச் செலவு 78,000 குறைவு. இது தெரியாமல் "பத்திரம் ஒரு பத்து பர்சென்ட் வெச்சுக்குங்க" என்று எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி சொல்கிற புரோக்கர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அடுத்தது ஜிஎஸ்டி. இதில்தான் நாங்கள் அதிக நேரம் உட்கார்ந்தோம். கட்டி முடித்து, நிறைவுச் சான்றிதழ் வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. பழைய வீட்டுக்கும் கிடையாது. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு மட்டும்தான் உண்டு. 2019 ஏப்ரல் முதல் அது பொதுவாக 5 சதவீதம், குறைந்த விலை வீட்டுக்கு 1 சதவீதம். குறைந்த விலை வீடு என்பதற்கு இரண்டு நிபந்தனை. மொத்தத் தொகை 45 லட்சத்தைத் தாண்டக் கூடாது. சுவருக்குள் நாம் புழங்கும் பரப்பு, அதாவது கார்பெட் ஏரியா, கோயமுத்தூர் மாதிரிப் பெருநகரப் பட்டியலில் இல்லாத ஊரில் 90 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஏறக்குறைய 968 சதுர அடி. 900 சதுர அடி என்று பொதுப் பகுதியையும் சேர்த்து விற்கிற வீட்டின் கார்பெட் ஏரியா அதைவிட நன்றாகவே குறைந்துவிடும், அதனால் பரப்பில் சிக்கல் இல்லை.

சரவணம்பட்டி விற்பனைப் பையன் மாப்பிள்ளையிடம், "சார், உங்களுக்கு 1 பர்சென்ட் ஜிஎஸ்டிதான்" என்று சொல்லி அனுப்பியிருந்தான். விலை 42.75 லட்சம் என்று வைத்துப் பார்த்தால் அவன் சொன்னது சரி. ஆனால் தாளைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இன்னொரு பட்டியல் இருந்தது. மூடிய கார் பார்க்கிங் 2,50,000. மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்புக்கு 1,20,000. இதைச் சேர்த்தால் 46 லட்சத்து 45 ஆயிரம்.

45 லட்சம் என்ற வரம்பு முன்பக்க விலைக்கு மட்டும் அல்ல. பார்க்கிங், மேம்பாட்டுக் கட்டணம், மூலை வீடு, மேல்மாடி என்று கட்டுபவர் அந்த வீட்டுக்காக வசூலிக்கிற எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். தாண்டிவிட்டால் தாண்டிய பகுதிக்கு மட்டும் 5 சதவீதம் என்று கிடையாது, முழுத் தொகைக்கும் 5. ஆக 46.45 லட்சத்துக்கு 2,32,250 ரூபாய். பையன் சொன்ன கணக்கில் 42,750 ரூபாய்தான். ஒரு கார் நிறுத்தும் இடத்தால் வரி ஐந்து மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

"எங்ககிட்ட காரே இல்லையே அண்ணா, ஸ்கூட்டிதானே இருக்கு" என்றாள் தங்கச்சி. பார்க்கிங்கை விட்டுவிட்டால் மொத்தம் 43.95 லட்சம், வரி 1 சதவீதம். பார்க்கிங்கின் இரண்டரை லட்சத்தோடு வரியில் 1,88,000 ரூபாயும் மிஞ்சும். ஆனால் கார் நிறுத்த இடமில்லாத வீட்டைப் பின்னால் விற்பது கஷ்டம். மேலும் பல இடங்களில் பார்க்கிங் இல்லாமல் வீடு தர மாட்டார்கள்.

இன்னொரு வழி பேரம். 46.45 லட்சத்தை எப்படியாவது 45 லட்சத்துக்குள் கொண்டுவரச் சொல்வது. கட்டுபவர் 1,45,000 குறைத்தால் நமக்கு வரி 2,32,250லிருந்து 45,000 ஆகும், பத்திரச் செலவிலும் கொஞ்சம் குறையும். அவர் விடுவது ஒன்றரை லட்சத்துக்கும் கீழே, நமக்கு மிஞ்சுவது 3 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேலே. இவ்வளவு லாபமான பேரம் வீடு வாங்குவதில் வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளை மறுநாளே போய்க் கேட்டார். 50,000 குறைக்கிறோம் என்றார்கள். 45.95 லட்சம் என்பது இன்னும் 45க்கு மேலேதான், அந்த 50,000 வரியில் ஒன்றும் பெரிதாகச் செய்யாது. வரம்புக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்குப் பேரம் பேசினால் வரம்புக்குள் வரும்வரை பேச வேண்டும், பாதியில் நின்றால் பிரயோஜனம் இல்லை.

பார்க்கிங் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நான் பட்டிருக்கிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் என் வீட்டை வாங்கியபோது பார்க்கிங்குக்கு ஒன்றரை லட்சம் தனியாகக் கொடுத்தேன். அதற்கு ஒரு வெள்ளைத் தாளில் ரசீது கொடுத்தார்கள், பத்திரத்தில் ஒரு வரிகூட இல்லை. குடிவந்து இரண்டாவது வருடம் பார்த்தால், தரையில் பெயிண்ட் அடித்திருந்த என் இடத்துக்கு மூன்றாவது மாடிக்காரரிடமும் ஒரு ரசீது இருந்தது. கடைசியில் சங்கத்தில் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். எனக்குக் கிடைத்தது தண்ணீர்த் தொட்டி மூடிக்குப் பக்கத்தில். லாரி தண்ணீர் வரும்போதெல்லாம் காரை எடுத்து வெளியே விட வேண்டும், இன்று வரைக்கும்.

வீடு கட்டி விற்பவர்களை ஒழுங்குபடுத்த 2016இல் வந்த ரெரா சட்டப்படி திறந்தவெளிப் பார்க்கிங் என்பது பொதுப் பகுதி. அதை யாருக்கும் தனியாக விற்க முடியாது. தாளில் அதற்கு விலை போட்டிருந்தால் அதை அடித்துவிட்டுப் பேசலாம். மூடிய பார்க்கிங்குக்குப் பணம் வாங்கினால் அதன் எண், அளவு, எந்தத் தளம் என்பது ஒப்பந்தத்திலும் கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்திலும் வர வேண்டும். அப்புறம் டேப் எடுத்துக்கொண்டு போய் அளக்க வேண்டும். ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் வேண்டும். வரைபடத்தில் அந்த அளவு இருக்கும், ஆனால் நடுவில் ஒரு தூண் நிற்கும். கார் உள்ளே போகும், கதவு திறக்காது.

அடுத்தது பராமரிப்பு. இரண்டு புது வீட்டிலும் இரண்டு தொகை கேட்டிருந்தார்கள், இரண்டும் ஒன்று என்றே மாப்பிள்ளை நினைத்திருந்தார். ஒன்று மாதப் பராமரிப்பை முன்கூட்டியே வாங்குவது. சதுர அடிக்கு 3 ரூபாய் வீதம் 24 மாதம் என்றால் 64,800. கட்டுபவரே வசூலிப்பதால் 18 சதவீத ஜிஎஸ்டியோடு 76,464 ஆகிறது. இது செலவாகிப் போகிற பணம், திரும்ப வராது. பின்னால் குடியிருப்போர் சங்கம் பொறுப்பெடுத்த பிறகு ஒரு வீட்டுக்கு மாதம் 7,500க்குள் வசூலித்தால் இந்த வரி கிடையாது. அதனால் 24 மாதத்துக்குப் பதில் 12 மாதம் மட்டும் வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

இன்னொன்று கார்ப்பஸ் என்கிற வைப்பு நிதி. சதுர அடிக்கு 50 ரூபாய் வீதம் 45,000. லிஃப்ட் மாற்றுவது, வெளிப்புறம் பெயிண்ட் அடிப்பது, மோட்டார் போவது என்று பத்து வருடத்துக்கு ஒருமுறை வருகிற பெரிய செலவுக்காக இது இருக்க வேண்டும். கட்டுபவரிடம் கைமாற்றாக இருக்கிற பணம்தான், சங்கம் பதிவானதும் அதன் கணக்குக்கு முழுதாகப் போக வேண்டும். எங்கள் குடியிருப்பில் சங்கம் ஆரம்பித்துக் கேட்டபோது, செக்யூரிட்டி சம்பளம், டீசல் என்று கழித்துக்கொண்டு பாதிக்கும் குறைவாகத்தான் கொடுத்தார்கள். மாதப் பராமரிப்பில் போக வேண்டிய செலவு அது. கார்ப்பஸை எதற்குத் தொடலாம், எதற்குத் தொடக் கூடாது என்று எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தை இல்லை, அதனால் சண்டை போட்டும் ஒன்றும் நடக்கவில்லை. "தனி வங்கிக் கணக்கில் இருக்கும், வட்டியோடு சங்கத்துக்கு மாற்றப்படும்" என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். எழுதித் தரத் தயங்குகிற இடத்தில் அந்த 45,000ஐப் போன பணமாகவே கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

பழைய வீட்டில் இந்த இரண்டும் இல்லை, ஆனால் அதற்குப் பதில் வேறு இருக்கிறது. சிங்காநல்லூர் வீட்டைப் பார்க்கப் போனபோது நான் நேராகக் குளியலறைக்குக் கீழே இருக்கும் வீட்டுக்காரரிடம் போய் அவர் குளியலறைக் கூரையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். வட்டமாக மஞ்சள் கறை, நடுவில் பெயிண்ட் உரிந்து விரலால் தொட்டால் மாவாக வந்தது. மேலே இருக்கிற இரண்டு குளியலறையையும் உடைத்து ஒழுகாமல் செய்ய வேண்டும் என்று அர்த்தம். பிறகு சங்கத்தின் செயலாளரைப் பார்த்தோம். லிஃப்டை அடுத்த வருடம் மாற்றப் போகிறார்கள், வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிக்கப் போகிறார்கள் என்று அவர்தான் சொன்னார். விற்கிறவர் சொல்லவில்லை. குளியலறை, வயரிங், பெயிண்ட், லிஃப்ட் பங்கு எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் என்று வைத்தோம். புரோக்கருக்கு 1 சதவீதம் 41,000. சங்கத்தில் பெயர் மாற்றம், ஈபி, சொத்து வரி பெயர் மாற்றம் எல்லாம் சேர்த்து ஒரு 15,000. விற்கிறவருக்குப் பராமரிப்பு, சொத்து வரி பாக்கி எதுவும் இல்லை என்று சங்கத்திடமும் மாநகராட்சி ரசீதிலும் பார்த்துக்கொள்ளாவிட்டால் அதுவும் நம் தலையில்தான் விழும்.

புரோக்கர் ஒரு யோசனையும் சொன்னார். பத்திரத்தில் 32 லட்சம் காட்டி மீதியை ரொக்கமாகக் கொடுத்துவிட்டால் பத்திரச் செலவு மிஞ்சுமாம். நான் வேண்டாம் என்றேன். நிலம், வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதையே வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அது ஒருபுறம் இருக்கட்டும், நம் கணக்கிலேயே அது நஷ்டம். பத்திரத்தில் குறைத்துக் காட்டினால் வங்கியும் அதற்குத்தான் கடன் கொடுக்கும், பின்னால் நாம் விற்கும்போது வாங்கிய விலை குறைவு என்று லாபத்துக்கு வரியும் கூடும்.

இப்போது வங்கிக்கு வருகிறேன். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை உள்ள வீட்டுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மதிப்பில் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் இவற்றைச் சேர்க்கக் கூடாது. பத்து லட்சத்துக்குள் இருக்கும் வீட்டுக்கு மட்டும்தான் விலக்கு. பராமரிப்பு, கார்ப்பஸ் இவற்றுக்கும் கடன் கிடைக்காது என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. ஆக நாம் இதுவரை பேசிய அத்தனையும் நம் கைக்காசு. கடன் எடுப்பதற்கே செலவும் உண்டு. செயல்பாட்டுக் கட்டணம், வக்கீல் கருத்து, மதிப்பீட்டாளர் கட்டணம், பத்திரத்தை வங்கியில் வைப்பதைப் பதிவு செய்யும் செலவு எல்லாம் சேர்த்து எந்த வீடானாலும் ஒரு 50,000 என்று வைத்தோம்.

சிங்காநல்லூர் வீட்டுக்கு வங்கி மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டு 38 லட்சம் என்று எழுதினார். கட்டடத்துக்கு வயதாகிவிட்டது என்பதால் தேய்மானம் கழிக்கிறார்கள். 41 லட்சத்துக்கு வாங்குகிறோம் என்றாலும் கடன் 38 லட்சத்தில் 80 சதவீதம், அதாவது 30.4 லட்சம்தான். நடுவில் இருக்கும் மூன்று லட்சம் முழுதாக நம்முடையது. சரவணம்பட்டிக்கு வீடும் பார்க்கிங்கும் சேர்த்து 36.2 லட்சமும், வடவள்ளிக்கு 38.8 லட்சமும் கிடைக்கும் என்றார்கள். சரவணம்பட்டித் தாளில் ஆவணக் கட்டணம் என்று 25,000 வேறு இருந்தது. வடவள்ளியில் மின்சாரம், தண்ணீர் இணைப்புக்கு 80,000 தனி, பார்க்கிங் விலைக்குள் அடக்கம்.

எல்லாவற்றையும் கூட்டி எழுதியபோது இப்படி வந்தது, லட்சத்தில்:

| வீடு | தாளில் | மொத்தம் | கைக்காசு |
|---|---|---|---|
| சிங்காநல்லூர் | 41.00 | 48.25 | 17.85 |
| சரவணம்பட்டி | 42.75 | 53.52 | 17.32 |
| வடவள்ளி | 48.50 | 53.92 | 15.12 |

மாப்பிள்ளை இந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். தாளில் எது மலிவோ அதற்குத்தான் கைக்காசு அதிகம் வேண்டும், எது எட்டாது என்று நினைத்தாரோ அது ஒன்றுதான் 16 லட்சத்துக்குள் அடங்குகிறது. சரவணம்பட்டிக்கும் வடவள்ளிக்கும் தாளில் ஐந்தே முக்கால் லட்சம் வித்தியாசம், சாவி வாங்கும்போது 40,000.

மொத்தத்தைப் பார்த்தால் சிங்காநல்லூர்தான் மலிவு, அதை மறைக்க வேண்டியதில்லை. கையில் இன்னும் இரண்டு மூன்று லட்சம் இருக்கிறவர், ரிப்பேரைத் தானே மேய்க்கத் தெரிந்தவர் அதைத்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்வேன். கடனும் குறைவு, மாதத் தவணையும் குறைவு. இவர்களிடம் அந்த இரண்டு லட்சம் இல்லை. அதைத் தனிநபர் கடனாக வாங்கினால் வீட்டுக் கடனைவிட வட்டி ரொம்ப அதிகம்.

சரவணம்பட்டிக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது. பணம் ஒரேயடியாகப் போகாது, கட்டடம் ஏற ஏறக் கொடுத்தால் போதும். இரண்டு வருடத்தில் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். அதுவரை வாடகை கொடுக்க வேண்டுமே என்று தங்கச்சி கேட்டாள். நியாயமான கேள்விதான், ஆனால் அதை மட்டும் தனியாகக் கூட்டக் கூடாது. கட்டிக்கொண்டிருக்கும்போது கடனில் சராசரியாகப் பாதிதான் வெளியே போயிருக்கும், வட்டியும் பாதிதான். வடவள்ளியில் முதல் மாதத்திலிருந்தே முழு வட்டி. அந்த வட்டி வித்தியாசமும் 12,000 வாடகையும் ஏறக்குறைய சரிக்குச் சரி. சொன்ன தேதியில் முடித்தால்தான் இந்தச் சரிக்குச் சரி. தாமதமானால் கடன் முழுசாகப் போயிருக்கும், வாடகையும் ஓடும். ரெராவில் தாமதத்துக்கு வட்டி கேட்க வழியுண்டு, ஆனால் மாதா மாதம் வாடகை கொடுக்க அது உதவாது. 45 லட்சத்துக்குள் அவர்கள் இறங்கி வந்திருந்தால் மொத்தம் 50 லட்சத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கும், நானே அதை எடுக்கச் சொல்லியிருப்பேன். 50,000க்கு மேல் அவர்கள் அசையவில்லை.

ஆக வடவள்ளி. முன்பணம் கொடுப்பதற்கு முன் நான் பார்த்தது நிறைவுச் சான்றிதழ். வீடு பளபளவென்று இருந்தாலும் அந்தச் சான்று கைக்கு வராமல் பணம் வாங்கினால் அது கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக் கணக்கில்தான் வரும், 5 சதவீத ஜிஎஸ்டி நம் மேல் ஏறும். "அப்ளை பண்ணியாச்சு, வந்துரும்" என்ற பதில் போதாது. வடவள்ளியில் சான்றிதழ் இருந்தது, தேதியைப் பார்த்துக்கொண்டேன். தரைத்தளத்தில் ஈபி மீட்டர்களையும் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி நிரந்தர இணைப்பு வந்துவிட்டதா, இல்லை கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பிலேயே ஓட்டுகிறார்களா என்பது அங்கே தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம் நல்லவேளையாக ஞாபகம் வந்தது. 50 லட்சமோ அதற்கு மேலோ விலையுள்ள வீடு என்றால் வாங்குகிறவர் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். 48.5 லட்சம்தானே என்று மாப்பிள்ளை சொன்னார். ஆனால் அந்த 50 லட்சத்தில் பார்க்கிங், மின்சாரம், தண்ணீர், பராமரிப்பு என்று விற்கிறவர் வாங்கும் கட்டணங்களும் சேரும். கூட்டிப் பார்த்தால் 50ஐத் தாண்டிவிட்டது. இது நமக்குக் கூடுதல் செலவு இல்லை, அவருக்குக் கொடுக்க வேண்டியதில் கழித்துக் கட்டுவதுதான். பிடிக்காமல் விட்டால்தான் செலவு, வட்டியும் நாளுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணமும் வாங்கியவர் பெயருக்கு நோட்டீஸாக வரும். எங்கள் ஆபீஸுக்கு இந்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வீடு வாங்கியவர்கள்தான்.

பத்திரத்தின் நகல் கைக்கு வந்தபோது சொத்து விவரத்தில் பிரிபடாத பங்கு இருந்தது, மாடி இருந்தது, நான்கு எல்லை இருந்தது, பார்க்கிங் இல்லை. "அது அலாட்மென்ட் லெட்டர்ல வந்துருங்க" என்றார் எழுதுகிறவர். தங்கச்சி என்னைப் பார்த்தாள், நான் ஒன்றும் சொல்லவில்லை. "இல்லைங்க, பத்திரத்துலயே போட்டுருங்க, நாங்க காத்திருக்கறோம்" என்று அவளே சொன்னாள். முந்தின ஞாயிற்றுக்கிழமை அவளும் மாப்பிள்ளையும் அங்கே போய் டேப் பிடித்து அளந்திருந்தார்கள், தூண் ஓரத்தில்தான் நிற்கிறது, கதவு முழுசாகத் திறக்கும். தரைத்தளம், ஏழாம் எண், 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் என்று ஒரு வரி சேர்த்து மறுபடி அச்செடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகுதான் அவள் கையெழுத்துப் போட்டாள்.